வெந்நீரில் மங்கும் பார்வை

1890-இல் வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் தன் நோயாளிகள் சிலரிடம் ஒரு விநோதத்தைக் கண்டு எழுதி வைத்தார். அவர்களுக்கு இருந்தது மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய். சும்மா இருக்கும்போது ஓரளவு நன்றாகவே தெரியும் பார்வை, வேகமாக நடந்து களைத்ததும் மங்கிவிடும். உட்கார்ந்து ஓய்வெடுத்தால் கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடும். நடப்பதுதான் காரணம் என்று அவர் நினைத்தார். உண்மையான காரணம் நடையால் ஏறிய உடல் சூடு என்பது பிற்பாடு தெளிவாயிற்று. வெந்நீரில் குளித்தாலும் காய்ச்சல் வந்தாலும் அதே கதைதான். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வருவதற்கு முந்தைய காலத்தில், இந்த நோய் இருப்பதாகச் சந்தேகப்பட்டவரை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்துப் பார்ப்பதே ஒரு பரிசோதனையாக இருந்தது.

வெந்நீர் நரம்பைப் புதிதாகச் சேதப்படுத்துவதில்லை. சேதப்படுத்தினால் உடல் ஆறியதும் பார்வை திரும்பாது. சிலருக்கு உடல் வெப்பநிலை அரை டிகிரி ஏறினாலே போதும், பார்வை மங்கும். ஆரோக்கியமான நரம்பு 39 டிகிரி காய்ச்சலிலும் வேலையை நிறுத்துவதில்லை. அப்படியானால் இந்த அரை டிகிரி எதைக் குலைக்கிறது? இதற்கு விடை வேண்டுமென்றால் நரம்பில் செய்தி எப்படி ஓடுகிறது என்பதை அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

மூடிக் கிடக்கும் வாசல்கள்

ஒவ்வொரு நரம்பு செல்லிலிருந்தும் ஆக்ஸான் என்ற மெல்லிய இழை நீள்கிறது. செய்தி ஓடுவது இந்த இழை வழியாகத்தான். இழையைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சவ்வுக்கு உள்ளே பொட்டாசியம் அயனிகள் மிகுதி. வெளியே சோடியம் அயனிகள் மிகுதி. சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதப் பம்பு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, இந்த ஏற்றத்தாழ்வைக் காத்து வருகிறது.

சும்மா இருக்கும் நேரத்தில் சவ்வில் பொட்டாசியம் கசிவதற்கு மட்டும் சில வழிகள் திறந்திருக்கும். நேர் மின்னூட்டம் கொண்ட பொட்டாசியம் கொஞ்சம் வெளியே கசிவதால், உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக நிற்கிறது. இதை மைனஸ் 70 என்று குறிப்பார்கள். கேட்கச் சின்ன அளவுதான். ஆனால் சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தத் தடிமனைக் கணக்கில் கொண்டால், ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் வோல்ட் என்ற அளவிலான மின்புலம் சவ்வின் குறுக்கே எந்நேரமும் நிற்கிறது. சவ்வில் பதிந்த புரதங்கள் இந்தப் புலத்தின் பிடியில்தான் வாழ்கின்றன.

அவற்றில் முக்கியமானது சோடியம் கால்வாய். சோடியம் மட்டும் நுழையக்கூடிய நுண்துளை ஒன்று அதன் நடுவே இருக்கிறது. கால்வாயின் சில பகுதிகளில் நேர் மின்னூட்டம் இருப்பதால், மைனஸ் 70-இல் மின்புலம் அவற்றை உள்பக்கமாக இழுத்து வைத்திருக்கும், துளை மூடியிருக்கும். எங்கிருந்தோ கொஞ்சம் மின்னூட்டம் வந்து சேர்ந்து உட்புறம் மைனஸ் 55 அளவுக்கு ஏறினால், அந்த இழுவை தளர்கிறது, நேர் மின்னூட்டப் பகுதிகள் வெளிப்பக்கம் நகர்கின்றன, துளை திறக்கிறது. சோடியம் உள்ளே பாய்கிறது. பாய்ந்த சோடியம் உட்புறத்தை இன்னும் ஏற்றுகிறது. அதனால் பக்கத்துக் கால்வாய்களும் திறக்கின்றன. ஒன்று இன்னொன்றைத் தூண்டி, அரை மில்லி விநாடிக்குள் உட்புறம் பிளஸ் 30, 40 வரை எகிறிவிடுகிறது. மைனஸ் 55-ஐத் தொடாவிட்டால் எதுவும் நடக்காது. தொட்டுவிட்டால் முழுமையாக நடக்கும். பாதித் துடிப்பு என்று ஒன்று கிடையாது.

எழுந்ததை அடக்க இரண்டு ஏற்பாடுகள் உண்டு. திறந்த சோடியம் கால்வாயின் உள்வாயை, அதே புரதத்தின் தொங்கும் துண்டு ஒன்று ஒரு மில்லி விநாடிக்குள் வந்து அடைத்துவிடும். அதே சமயம், சற்றுத் தாமதமாகத் திறக்கும் இன்னொரு வகைப் பொட்டாசியம் கால்வாய்கள் திறந்து, பொட்டாசியத்தை வெளியே விட்டு, உட்புறத்தைப் பழையபடி மைனஸுக்கு இறக்கும். இந்த ஏற்றமும் இறக்கமும் சேர்ந்ததுதான் செயல்மின்னழுத்தம். இனி இதைத் துடிப்பு என்றே சொல்லலாம். துடிப்பு முடிந்த கையோடு அதே இடம் மறுபடி துடிக்க முடியாது, அடைபட்ட கால்வாய்கள் மீள வேண்டும். அதனால்தான் துடிப்பு வந்த வழியே திரும்பாமல் முன்னோக்கி மட்டும் போகிறது.

இவ்வளவும் தெரிய வந்தது ஒரு கணவாயின் தயவால். கணவாயின் உடலில் அரை மில்லிமீட்டருக்கும் மேல் பருமனான ஆக்ஸான் ஒன்று உண்டு. 1939-இல் இங்கிலாந்தின் பிளிமத் கடல் ஆய்வகத்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் அதற்குள் மெல்லிய மின்முனையைச் செலுத்தி, துடிப்பை உள்ளிருந்தே அளந்தார்கள். துடிப்பின்போது சவ்வு எல்லா அயனிகளுக்கும் திறந்து, மின்னழுத்தம் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. அவர்கள் கண்டதோ பூஜ்ஜியத்தைத் தாண்டி எகிறிய துடிப்பு. உலகப் போர் குறுக்கிட்டது. போருக்குப் பின், சுற்றியுள்ள கடல்நீரில் சோடியத்தைக் குறைத்தால் துடிப்பின் உயரமும் குறைகிறது என்று ஹாட்ஜ்கினும் பெர்னார்ட் காட்ஸும் காட்டினார்கள். 1952-இல் வெளியான கட்டுரைகளில் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கால்வாய்கள் திறந்து மூடும் வேகங்களைச் சமன்பாடுகளாக எழுதினார்கள். கைப்பிடியைச் சுற்றும் கணக்கு இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஹக்ஸ்லி போட்ட கணக்கில் துடிப்பின் வேகம் விநாடிக்கு 18.8 மீட்டர் என்று வந்தது. கணவாயில் அளந்தபோது 21.2 மீட்டர்.

கசிவும் காப்பும்

ஓரிடத்தில் எழுந்த துடிப்பு அடுத்த இடத்துக்கு எப்படிப் போகிறது? உள்ளே புகுந்த மின்னூட்டம் இழைக்குள்ளேயே இரு பக்கமும் பரவுகிறது. முன்னே இருக்கும் பகுதியை அது மைனஸ் 55-க்கு ஏற்றினால் அங்கே புதிய துடிப்பு எழும். ஆனால் வெறும் ஆக்ஸான், வழியெல்லாம் ஓட்டை விழுந்த ரப்பர் குழாய் போன்றது. மின்னூட்டம் முன்னே போகப் போகச் சவ்வு வழியே கசிந்துவிடும். கசிவு மட்டுமல்ல பிரச்சினை. சவ்வு மின்னூட்டத்தைத் தேக்கியும் வைக்கும்; ஒவ்வொரு பகுதியும் தன் பங்கு நிரம்பிய பிறகுதான் அடுத்ததற்கு விடும். ஆகவே வெறும் ஆக்ஸானில் துடிப்பு அங்குலம் அங்குலமாக, ஒவ்வொரு இடத்திலும் புதிதாகப் பிறந்து நகர வேண்டியிருக்கிறது. ஒரு மைக்ரான் பருமனுள்ள இழையில் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர் தேறினாலே அதிகம்.

வேகம் வேண்டுமென்றால் இழையைப் பருமனாக்கலாம். கணவாய் செய்தது அதுதான். முதுகெலும்புள்ள விலங்குகள் பிடித்துக்கொண்டது வேறு வழி. துணைச் செல்கள் ஆக்ஸானின் மேல் தங்கள் சவ்வையே பாய் சுருட்டுவதைப் போல் திரும்பத் திரும்பச் சுற்றுகின்றன. இதுவே மயலின் உறை. நூறு சுற்று என்றால் இருநூறு சவ்வு அடுக்குகள். கசிவும் தேக்கமும் அதற்கேற்ப மிகவும் குறைந்துவிடும். உறை தொடர்ச்சியாக இருப்பதில்லை. இடையிடையே ஒரு மைக்ரான் அளவுக்கு ஆக்ஸான் வெறுமையாகத் தெரியும். பிரெஞ்சு உயிரியலாளர் ரன்வியர் 19ஆம் நூற்றாண்டில் விவரித்த இடைவெளி என்பதால் இதற்கு ரன்வியர் கணு என்று பெயர். சோடியம் கால்வாய்கள் இந்தக் கணுவில் ஒரு சதுர மைக்ரானுக்கு ஆயிரம் என்ற அளவில் நெருக்கி அடைந்திருக்கின்றன; உறைக்கு அடியில் அவை மிகச் சிலவே.

ஒரு கணுவில் துடிப்பு எழுந்ததும் உள்ளே புகுந்த மின்னூட்டம் உறையிட்ட நீளத்தைப் பெரும் இழப்பின்றிக் கடந்து அடுத்த கணுவை வரம்புக்கு ஏற்றுகிறது. அங்கே துடிப்பு மறுபடி முழு உயரத்துக்கு எழுகிறது. நடுவில் துடிப்பு எழுவதில்லை என்பதால் அது கணுவுக்குக் கணு தாவுவதாகச் சொல்கிறோம். எந்த அயனியும் ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குப் பயணம் செய்வதில்லை. போவது மின் தள்ளல் மட்டுமே.

பாடப்புத்தகப் படங்களில் அம்பு ஒரு கணுவிலிருந்து எழுந்து அடுத்ததில் இறங்கும். அந்தப் படத்தை அப்படியே நம்பக்கூடாது. கையில் ஓடும் பருமனான நரம்பிழை ஒன்றில் கணுக்களுக்கிடையே ஒரு மில்லிமீட்டர் தூரம், வேகம் விநாடிக்கு 60 மீட்டர் என்று கொள்வோம். ஒரு தாவலுக்கு ஆகும் நேரம் ஒரு மில்லி விநாடியில் அறுபதில் ஒரு பங்கு. ஒரு கணுவில் துடிப்பு எழுந்து அடங்கவோ அரை மில்லி விநாடி ஆகிறது. ஆகவே முதல் கணு அடங்குவதற்குள் துடிப்பின் முன்முனை முப்பது கணுக்களைத் தாண்டியிருக்கும். எந்த நொடியில் பார்த்தாலும் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குக் கணுக்கள் ஒரே சமயத்தில் வெவ்வேறு கட்டத்தில் துடித்துக்கொண்டிருக்கும்.

மயலின் இல்லாமல் இதே வேகம் வேண்டுமென்றால் எவ்வளவு இடம் தேவைப்படும்? பார்வை நரம்பில் சுமார் பத்து லட்சம் ஆக்ஸான்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு மைக்ரான் அளவுள்ள இழை விநாடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் செய்தி அனுப்பும். உறையற்ற இழையில் வேகம் பருமனின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடும். அரை மில்லிமீட்டர் பருமனுக்கு இருபது மீட்டர் என்ற கணவாயின் கணக்கை வைத்துப் பார்த்தால், ஆறு மீட்டர் வேகத்துக்கு ஒவ்வொரு இழையும் 45 மைக்ரான் பருமனாக வேண்டும். பத்து லட்சம் இழைகளைக் கட்டினால் பார்வை நரம்பு நாலரை சென்டிமீட்டர் தடிமனாகிவிடும். கண்விழியின் விட்டமே இரண்டரை சென்டிமீட்டரைத் தொடாது.

கைவசம் உள்ள உபரி

வெந்நீரின் புதிருக்கு இப்போது வரலாம். டோக்கியோவில் இச்சிஜி தசாகி 1930களின் இறுதியில் தேரையின் ஒற்றை நரம்பிழையைப் பிரித்தெடுத்து, குறிப்பிட்ட கணுக்களை மட்டும் மயக்க மருந்தால் செயலிழக்கச் செய்து பார்த்தார். ஒரு கணு முடங்கினாலும், சில சமயம் இரண்டு முடங்கினாலும், துடிப்பு அவற்றைத் தாண்டிக்கொண்டு போயிற்று. அதாவது ஒரு கணு, அடுத்ததை எழுப்பத் தேவையானதைவிடப் பல மடங்கு மின்னூட்டத்தை அனுப்புகிறது. ஆரோக்கியமான இழையில் இது தேவையைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு. காய்ச்சலிலும் நம் நரம்புகள் நின்றுபோகாமல் இருப்பது இந்த உபரியால்தான்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் உடலின் சொந்த நோய் எதிர்ப்புச் செல்களே மயலினைத் தாக்குகின்றன. உறை மெலிந்தோ உரிந்தோ போன இடத்தில் கசிவும் தேக்கமும் கூடுகின்றன. இன்னொரு நஷ்டமும் உண்டு. கணுவுக்குப் பக்கத்தில் உறைக்கு அடியில் மறைந்திருந்த பொட்டாசியம் கால்வாய்கள் இப்போது வெளிப்பட்டுவிடும். துடிப்பு எழும் வேளையில் அவை திறந்து, அடுத்த கணுவுக்குப் போக வேண்டிய மின்னூட்டத்தை வெளியே கசிய விடும். ஆறு மடங்காக இருந்த உபரி தேய்ந்து, தேவைக்குச் சற்றே மேலே வந்து நிற்கும். சேதம் இன்னும் கடுமையானால் துடிப்பு அந்த இடத்திலேயே அணைந்துவிடும்.

இப்போது வெந்நீர். வெப்பம் ஏறினால் கால்வாய்கள் வேகமாக இயங்கும். ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கையாண்ட விதிப்படி, பத்து டிகிரி ஏறினால் வேகம் மூன்று மடங்கு. ஒரு டிகிரிக்கு இது சுமார் 12 சதவீதம். அரை டிகிரிக்கு ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல். சோடியம் கால்வாய் சீக்கிரம் திறக்கிறது, உண்மைதான். அதைவிட முக்கியம், அது சீக்கிரம் அடைபடுகிறது. பொட்டாசியம் கால்வாயும் சீக்கிரம் திறக்கிறது. துடிப்பு குட்டையாகிறது. துடிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அவ்வளவு நேரம்தான் அடுத்த கணுவுக்கு மின்னூட்டம் போகும். கணவாயின் ஆக்ஸானில் இந்தப் போக்கு கண்கூடு: 40 டிகிரியை நெருங்கும்போது துடிப்பே கடத்தப்படாமல் நின்றுவிடும், ஆற வைத்தால் திரும்பும்.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். அனுப்பும் மின்னூட்டம் துடிப்பின் நேரத்துக்கு ஏற்ப இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆரோக்கியமான இழையில் ஒரு டிகிரி ஏற்றம் ஆறு மடங்கை 5.4 மடங்காக்கும். எவருக்கும் எதுவும் தெரியாது. சேதமடைந்த இழையில் தேவையைவிட நான்கு சதவீதமே உபரி என்றால், அரை டிகிரி ஏற்றத்திலேயே மின்னூட்டம் தேவைக்குக் கீழே இறங்கிவிடும். அடுத்த கணு மைனஸ் 55-ஐத் தொடாது. தொடாவிட்டால் பாதித் துடிப்பு என்ற ஒன்று இல்லை, செய்தி அங்கேயே முடிகிறது. இப்படிப் பல்லாயிரம் இழைகள் ஒன்றாக அடங்கும்போது பார்வை மங்குகிறது. உடல் ஆறினால் துடிப்பு நீள்கிறது, அந்த நான்கு சதவீதம் திரும்பக் கிடைக்கிறது, பார்வையும் திரும்புகிறது.

தாமதத்தை அளப்பது

நரம்பின் இந்த நிலையை மருத்துவர் வெளியிலிருந்தே அளக்க முடியும். நோயாளி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திரையில் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறிக்கொண்டேயிருக்கும் சதுரங்கக் கட்டத்தைப் பார்ப்பார். பின்மண்டையில் ஒட்டிய மின்முனைகள் மூளையின் எதிர்வினையைப் பதிவு செய்யும். ஆரோக்கியமான கண்ணில் கட்டம் மாறிய சுமார் 100 மில்லி விநாடியில் ஒரு மேடு தோன்றும். பார்வை நரம்பில் மயலின் போனவருக்கு அது இருபது, முப்பது மில்லி விநாடி பிந்தி வரும். பார்வை முழுவதும் தேறிவிட்ட பின்னும் அந்தத் தாமதம் பெரும்பாலும் மாறுவதில்லை.

பார்வை தேறியும் தாமதம் ஏன் தேறவில்லை? உறை உரிந்த பகுதியில் சில வாரங்களில் புதிய சோடியம் கால்வாய்கள் பரவி அமைகின்றன. துடிப்பு தாவ முடியாவிட்டாலும் ஊர்ந்து கடக்கும். ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு உறை போயிருந்தால், முன்பு விநாடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் இரண்டு மில்லி விநாடிக்கும் குறைவாகக் கடந்த அந்தத் தூரத்தை, இப்போது விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் கடக்க இருபது மில்லி விநாடி ஆகும். மருத்துவமனையில் அளக்கும் தாமதம் ஏறக்குறைய இதுவே. செய்தி வந்து சேர்கிறது, பிந்தி வருகிறது, அவ்வளவுதான்.

ஆக்ஸானே அறுந்துபோயிருந்தால் படம் வேறு மாதிரி இருக்கும். மிஞ்சிய இழைகள் வழக்கமான வேகத்திலேயே கடத்துவதால் மேடு நேரத்துக்கு வந்துவிடும், உயரம் மட்டும் குறைந்திருக்கும். தாமதம் உறையின் சேதத்தையும், உயரக் குறைவு முக்கியமாக இழையின் இழப்பையும் காட்டுகின்றன.

துடிப்பை நீட்டும் மாத்திரை

வெப்பம் துடிப்பைக் குறுக்குவதால்தான் கோளாறு என்றால், துடிப்பை நீட்டினால் பலன் கிடைக்க வேண்டும். பொட்டாசியம் கால்வாயை அடைத்தால் துடிப்பு இறங்குவது தாமதப்படும். உறை போனதால் வெளிப்பட்ட கால்வாய்களின் கசிவும் குறையும். 4-அமினோபிரிடின் என்ற எளிய வேதிப்பொருள் இதைச் செய்கிறது. மெதுவாகக் கரையும் மாத்திரையாக 2010-இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது, நோயாளிகளின் நடையை மேம்படுத்தும் மருந்து என்ற வகையில்.

இதன் எல்லையும் அதே கணக்கிலிருந்தே தெரியும். மின்னூட்டம் தேவையை ஒட்டி நிற்கும் இழைகளுக்கு மட்டும்தான் இந்தச் சிறு கூடுதல் உதவும். ஏற்கெனவே அறுந்துபோன இழைக்கு நீட்ட ஒன்றுமில்லை. சோதனைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே நடை தெளிவாக வேகமானது. மருந்து மயலினைத் திரும்ப வளர்ப்பதில்லை. நோய் முன்னேறுவதைத் தடுப்பதும் இல்லை. அளவு மீறினால் ஆபத்தும் உண்டு. உடலெங்கும் உள்ள நல்ல இழைகளிலும் துடிப்பு நீளும் என்பதால் வலிப்பு வரலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் முன்பு வலிப்பு வந்தவர்களுக்கும் இதைக் கொடுப்பதில்லை.

சூட்டில் வரும் மங்கலையும் நோயின் புதிய தாக்குதலையும் பிரித்தறிவதற்கும் இந்தக் கணக்குதான் அடிப்படை. முன்பு வந்து தேறிய அதே குறை, காய்ச்சலோடோ வெயிலோடோ தலைகாட்டி, உடல் ஆறியதும் போய்விட்டால், பழைய தழும்பில் உபரி தற்காலிகமாகத் தீர்ந்தது என்று பொருள். குளிர்ந்த நீரும் நிழலும் காய்ச்சலுக்கான மருந்தும் போதும். காய்ச்சல் இல்லாமலேயே ஒரு குறை புதிதாகத் தோன்றி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், வேறோர் இடத்தில் உறை உரிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது காத்திருக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் போவதே சரி. முதலில் சொன்னதற்கு ஸ்டீராய்டு தேவையில்லை. இரண்டாவதற்குத் தேவைப்படலாம்.